விநியோக ஒப்பந்தத்தில் ஏரியாவும் தனியுரிமையும்: பிழை பார்க்கும் வரிசை

கிருஷ்ணகிரியில் வக்கீல் ஆபீஸ்களுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் ஒப்பந்தங்களைப் படித்துப் பிழை பார்த்துக் கொடுப்பது என் வேலை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் விநியோக ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து ஒற்றெழுத்தும் காற்புள்ளியும் திருத்திக்கொண்டே போவார்கள். கடைசிப் பக்கம் வரும்போது தாள் முழுக்கச் சிவப்பு மை. ஆனால் 'ஓசூர்' என்றால் எந்த ஓசூர் என்ற கேள்வி மட்டும் எங்கும் இருக்காது. அந்த வகைப் பிழையைப் பிடிக்கும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். அதாவது, விற்பனை எல்லையை விவரிக்கும் வரிகளும், அந்த எல்லைக்குள் விற்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமா என்று சொல்லும் தனியுரிமை வரிகளும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு வரைவு. கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழச்சாறு பாட்டிலில் அடைக்கும் ஒரு கம்பெனி. தருமபுரியில் புதிதாக ஒரு விநியோகஸ்தரைப் போடுகிறது. ஓசூர் பக்கம் ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில், கூடவே பார்ட்டி படிப்பதற்குத் தமிழ்ப் படி ஒன்று. வாசகங்களைத் தமிழிலேயே காட்டுகிறேன்.

1. படிக்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

முதலில், இரு தரப்பும் பேசி முடித்தது என்ன என்பதற்கு ஒரு எழுத்து ஆதாரம் வேண்டும். மெயிலோ, வாட்ஸ்அப் செய்தியோ, கையால் எழுதிய துண்டுச்சீட்டோ, எதுவானாலும் சரி. இது இல்லாமல் படித்தால் வாக்கியம் சரியா என்றுதான் பார்க்க முடியும், சொன்னது சரியா என்று பார்க்க முடியாது. 'பர்கூர் நீங்கலாக' என்பதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பேசியது 'பர்கூர் உட்பட' என்றால் அதுதான் அந்த ஒப்பந்தத்திலேயே பெரிய பிழை.

அடுத்து, பக்கத்து ஏரியா விநியோகஸ்தரின் ஒப்பந்தம். கம்பெனி தரப்பில் வேலை பார்த்தால் இதைக் கேட்டு வாங்காமல் தொடங்காதீர்கள். எல்லை என்பது இரண்டு பேருக்கு நடுவில் போகும் கோடு. ஒரு பக்கத்தை மட்டும் படித்து அது சரியா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, இரண்டு மாவட்டங்களின் தாலுகாப் பட்டியல். `krishnagiri.nic.in`, `dharmapuri.nic.in` என்ற மாவட்டத் தளங்களில் இருப்பதை அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பில் கிடக்கும் பட்டியல் உதவாது, காரணம் மூன்றாவது படியில் வரும்.

வரைவு வேர்டு கோப்பாக வந்தால், திருத்தங்கள் எல்லாம் தெரியும்படி வைத்துவிட்டுப் படியுங்கள். அழிக்கப்பட்டும் இன்னும் ஏற்கப்படாமல் மறைந்திருக்கும் ஒரு 'நான்' என்ற முன்னொட்டு, தனியுரிமை இல்லாத நான்-எக்ஸ்க்ளூசிவை, தனியுரிமை உள்ள எக்ஸ்க்ளூசிவ் ஆக்கிக் காட்டும்.

2. வரையறையையும் ஷெட்யூலையும் மட்டும் முதலில் படியுங்கள்

முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம். 'எல்லை' என்பதற்கு வரையறை எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். பிறகு நேராகக் கடைசியில் உள்ள ஷெட்யூலுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

காரணம், இந்த இரண்டையும் பெரும்பாலும் ஒரே ஆள் எழுதுவதில்லை. வரையறை வக்கீல் ஆபீஸ் மாதிரியிலிருந்து வரும். ஷெட்யூலை கம்பெனியின் விற்பனை மேலாளர் அனுப்புவார். நம் வரைவில் வரையறை 'இணைப்பு ஒன்றில் கண்ட மாவட்டங்கள்' என்றது. கடைசியில் இருந்ததோ 'ஷெட்யூல் ஏ'. அதில் மாவட்டங்களோடு ஊர்ப் பெயர்களும் கலந்திருந்தன. இணைப்பு ஒன்று என்ற தலைப்பில் விலைப்பட்டியல் இருந்தது! இதைப் பார்த்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போனால், உள்ளே வரும் ஒவ்வொரு 'எல்லை'யும் எதைச் சுட்டுகிறது என்ற சந்தேகத்தோடு படிப்பீர்கள். அந்தச் சந்தேகம் வேண்டும்.

3. எல்லை வரியைத் தாலுகாப் பட்டியலாக உடையுங்கள்

நேரம் அதிகம் எடுக்க வேண்டிய இடம் இதுதான். வரைவில் இருந்த வரி இது:

'தருமபுரி மற்றும் கிருஷ்ணகிரி மாவட்டங்கள், ஓசூர், தேன்கனிக்கோட்டை நீங்கலாக.'

படித்தால் தெளிவாகத்தான் தெரிகிறது. ஒரு வெள்ளைத்தாளில் தருமபுரி மாவட்டத்தின் ஏழு தாலுகாக்களை எழுதுங்கள்: தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. அடுத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எட்டு: கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. மொத்தம் 15. ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ளே, வெளியே, தெரியவில்லை என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். குறிக்கும்போது வரைவின் வாசகத்தை மட்டும் பாருங்கள், உங்கள் பொது அறிவைப் பயன்படுத்தாதீர்கள்.

தருமபுரி ஏழும் உள்ளே, சிக்கல் இல்லை. ஓசூருக்கு வந்தவுடன் பேனா நிற்கும். ஓசூர் என்பது மாநகராட்சியா, தாலுகாவா, வருவாய் உட்கோட்டமா? மாநகராட்சி என்றும், தேன்கனிக்கோட்டை என்பது பேரூராட்சி என்றும் கொண்டால், இரண்டு ஊர்கள் மட்டும் வெளியே. 15 தாலுகாக்களின் மீதிப் பகுதி முழுவதும் புது ஆளுக்கு. தாலுகா என்று கொண்டால் இரண்டு வெளியே, 13 உள்ளே. உட்கோட்டம் என்று கொண்டால் சூளகிரியும் அஞ்செட்டியும் சேர்ந்து நான்கு வெளியே, 11 உள்ளே. ஒரே வரிக்கு மூன்று கணக்கு.

சூளகிரிதான் இதில் பண வில்லங்கம். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் தேசிய நெடுஞ்சாலையிலேயே இருக்கும் ஊர். குளிர்பானம் விற்கும் கடைகள் சாலை நெடுக. ஓசூர்க்காரரின் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அதில் 'ஓசூர், தேன்கனிக்கோட்டை தாலுகாக்கள்' என்று சுத்தமாகவே இருந்தது. ஆனால் அது சூளகிரி தனித் தாலுகா ஆவதற்கு முந்தைய ஒப்பந்தம். அப்போது சூளகிரி ஓசூர் தாலுகாவுக்குள், அஞ்செட்டி தேன்கனிக்கோட்டைக்குள். அதே பெயர்களைப் புது ஒப்பந்தத்தில் நகல் எடுத்துப் போட்டதும் சூளகிரி யாருக்கும் தெரியாமல் கை மாறிவிட்டது. யாரும் எதையும் தப்பாகத் தட்டவில்லை. நிர்வாக எல்லை நகர்ந்தது, வாசகம் நகரவில்லை.

கம்பெனி மேலாளருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சூளகிரி யாருதுங்க சார்?" "அதுல என்ன சந்தேகம், ஓசூர் பார்ட்டிதானே சப்ளை பண்றாரு." "பேப்பர்ல அது தருமபுரிக்காரருக்குப் போகுதுங்களே." சற்று நேரம் பேச்சே இல்லை.

ஆகவே இந்தப் படியில் எப்போதும் பார்க்க வேண்டியவை மூன்று. பெயருக்குப் பக்கத்தில் மாவட்டம், தாலுகா, மாநகராட்சி என்று அலகு இருக்கிறதா? கிருஷ்ணகிரியும் தருமபுரியும் மாவட்டத்துக்கும் பெயர், தாலுகாவுக்கும் பெயர், நகராட்சிக்கும் பெயர். எந்தத் தேதி நிலவரப்படி என்று இருக்கிறதா? நம்ம ஊரில் இது முக்கியம்: கிருஷ்ணகிரி மாவட்டமே 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 'தருமபுரி மாவட்டம்' என்பதை அப்படியே விட்டால் பாதிக்கு மேல் மண் காணாமல் போகும். மூன்றாவது, பட்டியல் மூடியதா, திறந்ததா? 'கிருஷ்ணகிரி, பர்கூர் ஆகிய தாலுகாக்கள்' என்றால் இரண்டோடு முடிந்தது. 'கிருஷ்ணகிரி, பர்கூர் உள்ளிட்ட தாலுகாக்கள்' என்றால் வேறு எத்தனை என்று கேட்க இடமிருக்கிறது. பேப்பர் செய்தியில் 'உள்ளிட்ட' அழகாக இருக்கும், ஒப்பந்தத்தில் ஆகாது.

பின்கோடு போட்டால் தெளிவாகிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 635 என்று தொடங்கும் வரிசையில் கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109, கூடவே திருப்பத்தூர் 635601. 636-இல் சேலம் 636001, தருமபுரி 636701. தபால் வசதிக்குப் போட்ட கோடு மாவட்டக் கோட்டோடு ஒத்துப்போகாது. முதல் மூன்று இலக்கத்தை மட்டும் போட்ட ஷெட்யூலைப் பார்த்தால் உடனே கேள்வி எழுப்புங்கள்.

கடைசியில் கம்பெனி ஒப்புக்கொண்டு மாற்றிய வரி: 'இந்த ஒப்பந்தத் தேதியன்று உள்ளபடி, தருமபுரி வருவாய் மாவட்டத்தின் தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஏழு தாலுகாக்களும், கிருஷ்ணகிரி வருவாய் மாவட்டத்தின் கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை ஆகிய நான்கு தாலுகாக்களும். பின்னால் நிர்வாக எல்லை மாறினாலும் இந்த எல்லை மாறாது.' நீங்கலாக என்று கழிப்பதை விட, உள்ளே இருப்பதை எண்ணிச் சொல்வது நல்லது. எண்ணிக்கையையும் எழுத்தில் போட்டால், நாளை ஒரு பெயர் விடுபட்டாலும் கணக்கு இடிக்கும், கண்ணில் படும்.

4. விற்பனை 'எங்கே நடந்தது' என்று எப்படி முடிவாகும்?

எல்லை தெளிவானதும் கேட்க வேண்டிய கேள்வி இது. 'எல்லைக்குள் விற்பனை' என்ற சொல்லில், கடை இருக்கும் இடமா, சரக்கு இறங்கும் இடமா, பில் போடும் முகவரியா?

சின்னக் கடைக்கு மூன்றும் ஒன்றே. பர்கூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் கேன்டீன், ஆர்டர் மட்டும் பெங்களூரு ஆபீஸிலிருந்து வருகிறது என்றால் மூன்றும் பிரிந்துவிடும். வரைவில் ஒரு இடத்தில் 'எல்லைக்குள் உள்ள வாடிக்கையாளர்', இன்னொரு இடத்தில் 'எல்லைக்குள் டெலிவரி' என்று இருந்தால் இரண்டையும் அடிக்கோடிட்டுக் கேள்வியாக வையுங்கள். எது சரி என்பதை நாம் முடிவு செய்வதில்லை.

5. 'மட்டும்' எங்கே உட்கார்ந்திருக்கிறது?

தனியுரிமை வரிகளில் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இந்த மூன்று வரிகளையும் வாய்விட்டுப் படியுங்கள்.

'இந்த எல்லைக்குள் விநியோகஸ்தர் மட்டும் இப்பொருளை விற்பார்.' கட்டுப்படுவது கம்பெனி. வேறு ஆளைப் போடக் கூடாது.

'விநியோகஸ்தர் இந்த எல்லைக்குள் மட்டும் இப்பொருளை விற்பார்.' கட்டுப்படுவது விநியோகஸ்தர். சேலத்துக்கு வண்டி விடக் கூடாது. அவருக்குத் தனியுரிமை கிடைத்ததாக இதில் ஒரு சொல்லும் இல்லை.

'இந்த எல்லைக்குள் விநியோகஸ்தர் இப்பொருளை மட்டும் விற்பார்.' இதிலும் கட்டுப்படுவது விநியோகஸ்தர்தான். போட்டிக் கம்பெனிச் சரக்கைத் தொடக் கூடாது.

ஆங்கில வரைவில் 'எக்ஸ்க்ளூசிவ்லி' என்ற ஒரு சொல் இந்த மூன்றையும் தாங்கிக்கொண்டு நிற்கும். தமிழ்ப் படி எழுதியவர் எதையோ ஒன்றை எடுத்துக்கொண்டு 'மட்டும்' போட்டிருப்பார். நம் வரைவில் ஆங்கிலத்தில் 'விநியோகஸ்தர் எல்லைக்குள் பொருளை எக்ஸ்க்ளூசிவ்லி விநியோகிப்பார்'. தமிழில் இரண்டாவது வரி. தருமபுரிக்காரர் தமிழ்ப் படியைப் படித்துவிட்டு, "ஏரியா முழுக்க எனக்கு மட்டும்தானுங்களே" என்று சந்தோஷமாக இருந்தார். அவர் நம்பியது முதல் வரியை, கையில் இருந்தது இரண்டாவது.

எனவே ஒவ்வொரு தனியுரிமை வரிக்கும் ஓரத்தில் இரண்டு சொல் எழுதுங்கள்: யார் கட்டுப்படுகிறார், எதைச் செய்யக் கூடாது. எழுத முடியாமல் தடுமாறினால் அந்த வரி தெளிவில்லை என்று பொருள். திருத்தம் கேட்கும்போது 'தனியுரிமை உண்டு' என்று உரிமையாக எழுதாமல், 'கம்பெனி வேறு விநியோகஸ்தரை நியமிக்காது' என்று தடையாக எழுதச் சொல்லுங்கள். தடையில் எழுவாய் மறைய முடியாது.

6. கம்பெனி நேரடியாக விற்கலாமா?

இதற்கான விடையில்தான் 'சோல்', 'எக்ஸ்க்ளூசிவ்' இரண்டும் பிரிகின்றன. வழக்கமான பொருளில் சோல் விநியோகஸ்தர் என்றால் வேறு விநியோகஸ்தர் இல்லை, ஆனால் கம்பெனி தானே விற்கலாம். எக்ஸ்க்ளூசிவ் என்றால் கம்பெனியும் உள்ளே வரக் கூடாது. தமிழ்ப் படியில் இரண்டுக்கும் 'ஏக விநியோகஸ்தர்', 'தனி விநியோகஸ்தர்' என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். 'சோல் அண்ட் எக்ஸ்க்ளூசிவ்' என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிய வரைவுகளும் ஏராளம். எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் கம்பெனியின் ஆன்லைன் கடையிலிருந்து அரூருக்குப் பார்சல் போனால் என்ன என்று கேட்டால் பதில் இருக்காது.

பட்டத்தை நம்பாமல், நேரடி விற்பனை, ஆன்லைன் விற்பனை, ஆலை கேன்டீன் போன்ற மொத்த வாடிக்கையாளர் இந்த மூன்றுக்கும் வெளிப்படையான வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கேள்வி.

7. ஒரே வேரைத் தேடுங்கள்

இப்போதுதான் கம்ப்யூட்டர். முன்பே தேடினால், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கிடைத்ததை எல்லாம் நம்பிவிடுவோம். ஆங்கிலக் கோப்பில் Ctrl+F அழுத்தி, இவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்:

```
exclu
sole
territor
region
area
```

முழுச் சொல்லைப் போடாமல் வேரைப் போடுவதற்குக் காரணம் உண்டு. நான்-எக்ஸ்க்ளூசிவ் என்பதை நடுவில் கோடு போட்டும், இடைவெளி விட்டும், சேர்த்தும் எழுதுவார்கள். வேரைத் தேடினால் மூன்றும் சிக்கும். 'நீங்கலாக' என்ற பொருள் தரும் excluding போன்ற சொற்களும் அதே வேரில் வந்துவிழும்.

தேவையில்லாததும் வரும். 'கிருஷ்ணகிரி நீதிமன்றங்களுக்கே எக்ஸ்க்ளூசிவ் அதிகார வரம்பு' என்பது விற்பனை உரிமை அல்ல. 'கம்பெனியின் சோல் டிஸ்கிரிஷன்' என்பது அதன் தனி விருப்பம். அவற்றை ஒதுக்குங்கள். மிச்சமுள்ள ஒவ்வொன்றையும் ஐந்தாவது படியில் எழுதிய ஓரக்குறிப்போடு ஒப்பிடுங்கள். நியமன வரியில் எக்ஸ்க்ளூசிவ், முன்னுரையில் நான்-எக்ஸ்க்ளூசிவ் என்று இருப்பது அடிக்கடி நடக்கிறது. முன்னுரை பழைய மாதிரியிலிருந்து வந்ததாக இருக்கும்.

'டெரிட்டரி' என்பதை வரையறுத்துவிட்டு, உள்ளே 'ஏரியா', 'ரீஜியன்' என்று வேறு சொல் வந்தால் அதையும் குறியுங்கள். அது அதே எல்லைதானா என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

8. தனியுரிமையைத் தின்னும் விலக்குகள்

'பிரிவு 9-க்கு உட்பட்டு' என்று தொடங்கும் தனியுரிமை வரியைப் பார்த்தால் பிரிவு 9-ஐத் திறந்து பாருங்கள். நடுவில் ஒரு பிரிவைச் சேர்த்த பிறகு எண்கள் நகர்ந்திருக்கும். நம் வரைவில் 9 என்பது ஸ்டாக் காப்பீடு. குறைந்தபட்சக் கொள்முதல் 10-க்குப் போயிருந்தது.

அந்த 10-ஐயும் மெதுவாகப் படியுங்கள். இலக்கு தவறினால் தனியுரிமை தானாகப் போகுமா, கம்பெனி நோட்டீஸ் கொடுத்த பிறகா? எல்லை முழுவதற்குமா, இலக்கு தவறிய தாலுகாவுக்கு மட்டுமா? 'தனியுரிமை ரத்தாகும்' என்ற இரண்டு சொல்லில் இந்த நான்கும் அடங்காது.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் இத்தனை ஆண்டு போட்டிச் சரக்கு விற்கக் கூடாது என்று ஒரு வரி கண்ணில் பட்டால் வக்கீலிடம் அனுப்புங்கள். 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாது என்கிறது. பிழை திருத்துபவர் முடிவு சொல்லும் இடம் அது அல்ல.

9. திருத்தாதீர்கள், கேளுங்கள்

எழுத்துப்பிழையை நேரடியாகத் திருத்தலாம். எல்லை, தனியுரிமை இரண்டிலும் ஒரு காற்புள்ளியைக் கூட நீங்களாக நகர்த்தக் கூடாது. தொடக்கத்தில் ஒருமுறை 'ஓசூர்' என்பதற்குப் பின்னால் நானே 'தாலுகா' என்று சேர்த்தேன். கட்சிக்காரர் நினைத்திருந்தது மாநகராட்சி. கையெழுத்துக்கு முந்தைய நாள்தான் தெரிந்தது.

தனித்தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பிரிவு எண், இருக்கும் வாசகம், அதற்கு வரக்கூடிய பொருள்கள், கேள்வி. மூன்றாவது கட்டம்தான் வேலை செய்யும். 'தெளிவில்லை' என்று எழுதினால் மேலாளர் "அது தெரியும்ல, விடுங்க" என்பார். '11 தாலுகாவா, 13 தாலுகாவா' என்று எழுதினால் உட்கார்ந்து பதில் சொல்வார்.

பதில் வந்து திருத்திய பிறகு, ஆங்கிலப் படியையும் தமிழ்ப் படியையும் வைத்து மூன்றாவது, ஐந்தாவது படிகளை மட்டும் மறுபடி செய்யுங்கள். முரண்பட்டால் எந்த மொழிப் படி செல்லும் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கையெழுத்து அன்று ஷெட்யூல் பக்கம் புதிதாக அச்சடித்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். திருத்திய ஒப்பந்தத்தோடு பழைய ஷெட்யூலைப் பின் அடித்துக் கொண்டுவருவது வழக்கமாக நடப்பதுதான். தாலுகாப் பெயர்களை விரல் வைத்து எண்ணுங்கள், ஏழும் நான்கும் பதினொன்று இருக்க வேண்டும். அந்தப் பக்கத்திலும் இரண்டு தரப்பின் சுருக்கொப்பம் விழுந்த பிறகே கோப்பை மூடுங்கள்.